கறுப்பு வெள்ளைப் படத்தில் முடிக்கு நிறம் கொடுப்பது: விக் மாதிரி ஏன் தெரிகிறது?

கேள்வி: பாட்டியின் கல்யாணப் போட்டோ ஒன்று கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. ஸ்கேன் செய்து நிறம் கொடுத்துப் பார்க்கிறேன். முகம், புடவை எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. முடி மட்டும் கறுப்பு அடித்தாலும் பழுப்பு அடித்தாலும் விக் வைத்த மாதிரி இருக்கிறது. பாட்டி முடியின் உண்மையான நிறத்தை அந்தப் படத்திலிருந்தே எடுக்க வழி உண்டா? தங்கையின் படம் ஒன்றும் இருக்கிறது, ஏதோ ஃபில்டர் போட்டு நிறமே போய்விட்டது. அதில் முடியை பர்கண்டி ஆக்கித் தரச் சொல்கிறாள். முடியுமா?

பதில்:

முதலில் உண்மையான நிறம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படத்திலிருந்து அதை எடுக்க முடியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இருப்பது ஒரே ஒரு எண், அதாவது அங்கே எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டும். நிறத்துக்கு மூன்று எண்கள் வேண்டும், ஒவ்வொன்றும் 0இலிருந்து 255 வரை. சிவப்பு 200, பச்சை 40, நீலம் 30 என்று ஒரு நல்ல குங்குமச் சிவப்பை எடுத்துச் சாம்பலாக்கினால் சுமார் 87 வரும். சிவப்பு 40, பச்சை 120, நீலம் 40 என்று ஒரு இலைப் பச்சையை எடுத்துச் சாம்பலாக்கினாலும் அதே 87தான். 87ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு இது குங்குமமா இலையா என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்த்தோகுரோமேட்டிக் என்று சொல்லும் பழைய வகை ஃபிலிமுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. எல்லா நிறத்தையும் பதிக்கும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906இலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகும் பல வருடங்கள் இரண்டு வகையும் புழக்கத்தில் இருந்தன. சிவப்பு தெரியாத ஃபிலிமில் எடுத்தால் செம்பட்டை முடி, மருதாணி போட்ட முடி இரண்டும் உண்மையில் இருந்ததைவிடக் கறுப்பாக விழும். அதனால் படத்தில் முடி கன்னங்கரேலென்று இருக்கிறது என்பதை வைத்து, முடியும் அப்படித்தான் இருந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. நான் பழைய படங்களைச் சரிசெய்து பெரிதாக்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கடலோர ஊர்க்காரர் ஒருவர் தன் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தார். நான் கேட்கவே இல்லை, நல்ல கறுப்பாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன். படத்தைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முகம் அம்மாதான் அண்ணா, ஆனா அம்மாவுக்கு முடி செம்பட்டை. ஊரிலே அதை வச்சுத்தான் கூப்பிடுவாங்க" என்றார். அன்றிலிருந்து படத்தைத் திறப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்டுவிடுகிறேன். முடி கறுப்பா செம்பட்டையா? படம் எடுத்தபோது நரை இருந்ததா? மருதாணி போடும் வழக்கம் உண்டா? ஜடையில் சவுரி வைத்திருந்தார்களா? கல்யாணப் படத்தில் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சவுரி சொந்த முடியோடு அப்படியே ஒத்துப்போவது குறைவு, அதற்குத் தனி நிறம் வேண்டியிருக்கும்.

சரி, இனி விக் விஷயத்துக்கு வருவோம். போட்டோஷாப்பில் எல்லோரும் செய்வது இதுதான்: ஒரு புது லேயர், அதில் ஒரு பழுப்பு நிறம், பிளெண்ட் மோடை `Color` என்று மாற்றுவது. வெளிச்சம் அடியிலிருக்கும் படத்திலிருந்தும் நிறம் மேலே அடித்ததிலிருந்தும் வரும் என்பதால் இது சரியான வழி போலத்தான் தோன்றும். உள்ளே நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கோளாறு புரியும்.

நீங்கள் எடுத்தது சிவப்பு 61, பச்சை 46, நீலம் 40 என்ற மிதமான பழுப்பு என்று வையுங்கள். போட்டோஷாப்பின் `Color` மோட் அந்த மூன்று எண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மூன்றையும் ஒன்றாக ஏற்றியோ இறக்கியோ அடியிலிருக்கும் சாம்பலின் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். முடியின் நடுத்தரப் பகுதியில் சாம்பல் 60 என்றால் 71, 56, 50 என்று வரும். பார்க்க நன்றாகவே இருக்கும். முடிக்குள் இருக்கும் ஆழமான நிழலில் சாம்பல் 15 என்றால் 26, 11, 5 என்று வரும். சிவப்பும் நீலமும் இங்கேயும் 21 தள்ளித்தான் நிற்கின்றன. ஆனால் மொத்த வெளிச்சமே 15 என்னும்போது 21 வித்தியாசம் மிகப் பெரிது, அதனால் நிழல் துரு மாதிரிச் சிவந்துவிடுகிறது. மேலே எண்ணெய்ப் பளபளப்பு விழுந்த இடத்தில் சாம்பல் 170 என்றால் 181, 166, 160 வரும். அந்த மினுமினுப்பும் பழுப்புப் பூசினது போலாகிவிடும்.

உண்மையான முடி இப்படி இருக்காது. உங்கள் வீட்டில் யாராவது தலைக்கு எண்ணெய் வைத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். வெளிச்சம் படாத உள்மடிப்பில் நிறமே இருக்காது, வெறும் கறுப்பு. வெளிச்சம் கொஞ்சம் படுகிற இடத்தில்தான் பழுப்பு எட்டிப்பார்க்கும். நேராக மினுங்கும் பட்டையில் முடியின் நிறம் தெரியாது, ஜன்னல் வெளிச்சத்தின் நிறம்தான் தெரியும். அதனால்தான் கறுப்பு முடியின் மினுமினுப்பு பகலில் லேசாக நீலம் தட்டுகிறது. முடியின் மேல்தோலில் பட்டு அப்படியே திரும்பும் ஒளி உள்ளேயிருக்கும் நிறமியைத் தொடுவதில்லை. முடிக்குள் புகுந்து பின்சுவரில் மோதி வெளியே வரும் ஒளிதான் நிறமியின் நிறத்தை எடுத்துக்கொண்டு வரும். கணினி வரைகலை ஆய்வாளர் ஸ்டீவ் மார்ஷ்னரும் அவருடன் இருந்தவர்களும் 2003இல் முடியிழையை அளந்து பார்த்து இதை விளக்கினார்கள். நிறமற்ற பளபளப்பு வேர்ப் பக்கமாகச் சற்றுத் தள்ளி விழும், நிறமுள்ள இரண்டாவது பளபளப்பு நுனிப் பக்கமாக விழும். எண்ணெய் தடவிய முடியில் மேற்பரப்பு வழவழப்பாகிவிடுவதால் அந்த முதல் பளபளப்பு இன்னும் கூர்மையாகத் தெரியும். நம் பாட்டிமார் படங்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது இதைத்தான்.

ஆக, முடிக்கு ஒரு நிறம் கிடையாது. வெளிச்சம் ஏற ஏற நிறமும் மாறிக்கொண்டே போகிறது. ஒரே நிறத்தைத் தலை முழுக்கப் பூசுவதுதான் விக் தோற்றத்துக்கு முதல் காரணம். இதைச் சரிசெய்யக் கிடைக்கும் கருவி `Gradient Map`. சாம்பல் இந்த அளவு இருந்தால் இந்த நிறம், அந்த அளவு இருந்தால் அந்த நிறம் என்று அதற்குச் சொல்லிவிடலாம்.

உங்கள் படத்தையே எடுத்துக்கொண்டு வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்கேன் செய்தது கறுப்பு வெள்ளையில் என்றால் மறுபடியும் கலரில், 600 டிபிஐ, முடிந்தால் 48 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குக் கலர் ஸ்கேன் என்று தோன்றும். பழைய பிரிண்ட் மஞ்சளடித்திருக்கும். மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் விழுங்கும், சிவப்பை அநேகமாக விட்டுவிடும். அதனால் நீலச் சானலில் கறை திட்டுத் திட்டாகத் தெரியும், சிவப்புச் சானலில் படம் சுத்தமாக இருக்கும். `Channel Mixer` போட்டு `Monochrome` டிக் செய்து, `Red` 100, மற்ற இரண்டும் 0 என்று வைத்தால் நல்ல சாம்பல் படம் கையில் கிடைத்துவிடும். முடியைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய வெள்ளிப் பிரிண்ட்டில் கறுப்பான இடங்களில், அதிலும் ஓரங்களில், வெள்ளி மேலே வந்து நீலச் சாம்பல் கண்ணாடி மாதிரி மினுங்கும். தலைமுடி படத்திலேயே கறுப்பான இடம் என்பதால் அங்கேயும் வரும். அதை முடியின் பளபளப்பு என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. முடியின் பளபளப்பு தலையின் வளைவைச் சுற்றி ஒரு பட்டையாக, இழைகளுக்குக் குறுக்கே ஓடும். வெள்ளி மினுக்கு தலை, பின்திரை என்று பார்க்காமல் எல்லை தாண்டிப் படர்ந்திருக்கும். பிரிண்ட்டைக் கையில் பிடித்துச் சாய்த்தால் மினுக்கு நகரும், முடியின் பளபளப்பு நகராது. மினுக்கு அதிகமென்றால் ஸ்கேனரை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துக் கேமராவில் எடுப்பது நல்லது.

அடுத்து `Image > Mode` பாருங்கள். அங்கே `Grayscale` என்று இருந்தால் எந்த நிறமும் ஒட்டாது, `RGB Color` என்று மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே போல `Hue/Saturation` எடுத்து `Hue` பட்டையை இழுத்துப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். இல்லாத நிறத்தைச் சுழற்ற முடியாது, அங்கே `Colorize` டிக் செய்தால்தான் வேலை செய்யும். ஆனால் அதுவும் தலை முழுக்க ஒரே சாயலைத்தான் போடும், முடிக்கு ஒத்துவராது.

இப்போது `Levels` வைத்து, முடியின் ஆழமான நிழல் 15 பக்கம் வருமாறு சரிசெய்துகொள்ளுங்கள். பழைய பிரிண்ட்டில் கறுப்பு வெளுத்து 30, 35 என்று நிற்கும். அப்படியே விட்டால் முடி சாம்பல் பூத்தது போலத் தெரியும். `Info` பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு முடியின் மேல் கர்சரை நகர்த்தி எண்களைப் படியுங்கள். உள்மடிப்பில் எவ்வளவு, காதுக்கு மேல் எவ்வளவு, மினுங்கும் பட்டையில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். எண்ணெய் வைத்து வாரிய தலையில் எனக்குப் பெரும்பாலும் 15, 60, 110, 170 என்ற அளவுகள் கிடைக்கும். அதை வைத்து ஒரு `Gradient Map` அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு இந்த இடங்களில் இந்த நிறங்களைக் கொடுக்கிறேன்:

```
 6%   #110E0D
24%   #443935
43%   #766B67
67%   #A7ABB0
90%   #E6E6E6
```

இடது பக்கம் இருப்பது சாம்பல் எண்ணை 255ஆல் வகுத்தது. 60ஐ 255ஆல் வகுத்தால் 24 சதவீதம். ஒவ்வொரு நிறமும் அந்தச் சாம்பலின் அதே வெளிச்சத்தில் இருக்குமாறு எடுத்திருக்கிறேன், அதனால் படத்தின் வெளிச்சம் ஆடாது. உங்கள் எண்கள் வேறு என்றால் இடங்களை மாற்றுங்கள், லேயரை `Color` மோடில் வையுங்கள். இதிலுள்ள நிறம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். நிழலில் சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் வெறும் 4. நடுவில் 15. பளபளப்பில் அது தலைகீழாகி நீலம் 9 கூடுதலாக இருக்கிறது. தனியாகப் பார்த்தால் எல்லாமே சாம்பல் மாதிரித்தான் தெரியும். ஆனால் நிறம் கொடுத்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்ததும் அதைக் கண் கறுப்பு முடி என்று எடுத்துக்கொள்ளும்.

பளபளப்பில் வைக்கும் அந்த நீலச் சாயல் மற்ற வெள்ளைகளோடு ஒத்துப்போக வேண்டும். தலையில் வைத்த மல்லிகையையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். அவற்றுக்கு நீங்கள் மஞ்சள் கலந்த வெள்ளை கொடுத்திருந்தால், அறைக்குள் மஞ்சள் விளக்கு என்று கண் நம்பிவிட்டது. அப்போது மினுமினுப்பை மட்டும் நீலமாக விட்டால் ஒட்டாது. 67 சதவீதத்தில் `#A7ABB0` எடுத்துவிட்டு `#AEAAA4` போடுங்கள்.

பாட்டிக்குச் செம்பட்டை என்று தெரியவந்தால் நடுவில் இருக்கும் இரண்டை மட்டும் மாற்றினால் போதும்: 24 சதவீதத்தில் `#4E362A`, 43 சதவீதத்தில் `#876750`. நிழலையும் பளபளப்பையும் தொட வேண்டாம். நரை கலந்த முடிக்குத் தனி நிறமே தேவையில்லை. நரையிழை ஏற்கெனவே படத்தில் வெளிச்சமாக விழுந்திருக்கும், இந்த மேப்பே அதற்கு நிறமற்ற வெளிர்சாம்பலைக் கொடுத்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவிலேயே பென்சில் வைத்து ரீடச் செய்வார்கள், வகிட்டோரத்தை, நெற்றியோரத்தைத் தூரிகையால் நிரப்பியும் விடுவார்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது இழையே இல்லாமல் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அது கைவேலை. அதற்கு இழை வரைந்து உயிர் கொடுக்கப் போகாதீர்கள், இருப்பதற்கு மட்டும் நிறம் கொடுங்கள்.

ஜிம்பில் செய்கிறவர்களுக்கு: லேயரை நகலெடுத்து, அதன் மேல் `Colors > Map > Gradient Map` போட்டு, லேயர் மோடை `LCh Color` என்று வையுங்கள். `HSL Color` வேறு கணக்கு, நிழல்களில் வேறு மாதிரி வரும்.

விக் தோற்றத்துக்கு இரண்டாவது காரணம் ஓரம். நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஓரம் கத்தரித்தது போலிருந்தால் தலையில் தூக்கி வைத்தது போலத்தான் தெரியும். இங்கே முக்கியமானது வரிசை. பலர் முகத்துக்கு நெற்றியோரம் வரை தோல் நிறம் அடித்து, அந்தக் கோட்டிலிருந்து முடியைத் தொடங்குகிறார்கள். நடுவில் ஒரு சாம்பல் விளிம்பு மாட்டிக்கொள்கிறது. தோல் நிறத்தை முடிக்கு அடியில் தாராளமாக உள்ளே வரை அடித்துவிடுங்கள். பின்திரைக்கும் நிறம் கொடுத்திருந்தால் அதையும் பிசிறு முடிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். முடியின் லேயர் அவற்றுக்கு மேலே வரட்டும். அப்போது நெற்றியோரத்துப் பூனைமுடிகளுக்கு இடையே சாம்பல் தெரியாது, தோல்தான் தெரியும்.

முடிக்கான மாஸ்க்கை நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது, மூன்று சானலும் ஒன்றேதான். வெளிச்சத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஏதாவது ஒரு சானலை நகலெடுத்துத் தலைகீழாக்குங்கள், முடி வெள்ளையாகிவிடும். அதில் `Levels` வைத்து முடியும் தோலும் நன்றாகப் பிரியும்வரை இறுக்குங்கள். ஆனால் ஓரத்துச் சாம்பல் முழுக்கப் போகிற அளவுக்கு இறுக்காதீர்கள், பூனைமுடி இருப்பது அந்தச் சாம்பலில்தான். கண், புருவம், ரவிக்கை எல்லாம் கூடவே வந்திருக்கும், கறுப்பு பிரஷ் வைத்து அவற்றை மறைத்துவிடலாம். வெளிர் பின்திரையென்றால் பத்து நிமிட வேலை. கறுப்புத் திரைக்கு முன்னால் எடுத்த படத்தில் முடியும் திரையும் ஒரே எண்ணில் இருக்கும், எந்தக் கருவியும் பிரிக்காது. அங்கே கையால்தான், ஓரத்தைத் தாராளமாக மங்கவிட்டு அடிக்க வேண்டும். நிழலில் நாம் கொடுக்கும் நிறமே 4 அளவுதான் என்பதால் திரைக்குக் கொஞ்சம் வழிந்தாலும் தெரியாது.

அப்புறம் வகிடு. என் அனுபவத்தில் வகிட்டைச் சரியாகப் போட்டாலே பாதி விக் மறைந்துவிடும். வகிடு என்பது தோல். முடியின் மாஸ்க் அதையும் மூடிக்கொண்டால் தலை பிளாஸ்டிக் பொம்மையினுடையது போலாகிவிடும். மாஸ்க்கில் வகிட்டின் மேல் 3, 4 பிக்சல் பிரஷ் வைத்து, 60 சதவீத அழுத்தத்தில் கறுப்புக் கோடு ஒன்று இழுங்கள், அடியிலிருக்கும் தோல் நிறம் மேலே வரும். நேர்கோடாக வேண்டாம், வேர்கள் எட்டிப்பார்க்கிற இடத்தில் விட்டு விட்டு இழுங்கள். நெற்றியில் முடியின் நிழல் விழுகிற இடமும் தோல்தான், அது கொஞ்சம் சிவந்த தோலாக இருக்க வேண்டும், முடி நிறம் அங்கே இறங்கக் கூடாது. நெற்றிச்சுட்டி இருந்தால் அதற்குத் தனி மாஸ்க். பூச்சரத்துக்கும் தனி, ஆனால் மொக்குகளுக்கு நடுவே தெரிகிற கறுப்பு முடிதான், அதை வெள்ளையில் சேர்த்துவிடாதீர்கள். மல்லிகை படத்தில் வெள்ளையாக விழும். இடையிடையே நடுச்சாம்பலில் பூ தெரிந்தால் கனகாம்பரம் கலந்து கட்டியிருக்கலாம், வீட்டில் கேட்டுவிடுங்கள்.

இனி தங்கையின் படம். அதில் நிறம் உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது அமுங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். `Hue/Saturation`இல் `Saturation` பட்டையை 100 வரை ஏற்றுங்கள். உதடு ஒரு நிறம், தோல் ஒரு நிறம், உடை ஒரு நிறம் என்று பிரிந்தால் தகவல் மிச்சமிருக்கிறது, `Curves`இல் மூன்று சானலையும் தனித்தனியாகச் சரிசெய்து பெருமளவு மீட்கலாம். எல்லாம் ஒரே பழுப்பாகவோ ஒரே நீலமாகவோ பொங்கினால் அது சாயம் பூசிய கறுப்பு வெள்ளைப் படம்தான், மேலே சொன்ன வழிதான் அதற்கும். எதற்கும் ஃபில்டர் போடாத மூலப்படம் அவள் ஃபோனில் கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் `Document` ஆக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

பர்கண்டியில் ஒரு தடை இருக்கிறது. கறுப்பு முடியின் பெரும்பகுதி 15க்கும் 60க்கும் நடுவில் கிடக்கிறது. 96, 34, 44 என்ற பர்கண்டியை `Color` மோடில் பூசினால், சாம்பல் 60 இருக்கும் இடத்தில் 102, 40, 50 என்று அழகாக வரும். 20 இருக்கும் இடத்தில் 62, 0, 10 என்று ரத்தச் சிவப்பாகிவிடும். பார்லரில் சாயம் போட்டுக்கொண்டு வந்த தலையை நினைத்துப் பாருங்கள். பிளீச் செய்யாமல் கறுப்பு முடிக்கு பர்கண்டி போட்டால் நிழலில் கறுப்பாகவே இருக்கும், வெயிலில் வந்தால்தான் சிவப்பு தெரியும். படத்திலும் அதையே செய்யுங்கள். முதலில் முடியின் மாஸ்க்குக்குள் ஒரு `Curves` வைத்து 60ஐ 85 வரை தூக்குங்கள், 15ஐ அங்கேயே பிடித்து வையுங்கள். அதன் மேல் `Gradient Map`: நிழலில் `#150E0F`, நடுவில் 85 இருக்கும் இடத்துக்கு, அதாவது 33 சதவீதத்தில், `#824047`, பளபளப்பில் பழைய `#A7ABB0`. நடுவில் மட்டும் நிறம், இரண்டு நுனியிலும் அடக்கம்.

இதைவிட வெளிச்சமான நிறம், தேன் நிறமோ பொன்னிறமோ கேட்டால் நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். 15க்கும் 60க்கும் நடுவில் இருப்பது 46 படிகள்தான். அதை 80இலிருந்து 200 வரை இழுத்தால் நடுவில் படிகள் இல்லாமல் பட்டை பட்டையாக உடையும், ஜேபெக் சுருக்கத்தின் எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் முடிக்குள் தெரிய ஆரம்பிக்கும். ஃபில்டர் முடியை வழவழவென்று தேய்த்திருந்தால் இழையே இருக்காது, எந்த நிறம் போட்டாலும் தொப்பி மாதிரித்தான் நிற்கும். எவ்வளவு தூக்கலாம் என்று தெரிந்துகொள்ள, படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிக் காதுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே இழை இழையாகத் தெரிகிறவரை பரவாயில்லை, கட்டம் தெரிந்ததும் `Curves`ஐக் கீழே இறக்குங்கள்.

பாட்டியின் படத்துக்கே திரும்ப வருகிறேன். எல்லாம் முடிந்ததும் முடி லேயரின் `Opacity` 60இல் வைத்து, மறுநாள் காலையில் புதுக் கண்ணோடு திறந்து பாருங்கள். ராத்திரி போதாது என்று தோன்றிய நிறம் காலையில் அதிகமாகத் தெரியும். வீட்டில் பாட்டியோடு கூடப் பிறந்தவர்களோ, அவரைச் சின்ன வயதில் பார்த்தவர்களோ இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, கறுப்பு மேப், செம்பட்டை மேப் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். எந்த நிறம் என்று வாயால் கேட்டால் "கறுப்புதான்" என்பார்கள். படத்தைக் காட்டினால் வேறு மாதிரிப் பேசுவார்கள். `Opacity`யைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், அவர்கள் உங்களைக் கேட்காமலே படத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.